ஏழு பெரிதா, நாலு பெரிதா?

இராமநாதபுரம் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கான கவுன்ட்டரில் சில ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். அபுதாபியில் ஏசி மெக்கானிக்காக வேலை பார்த்த ஒருவர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். ஒருமுறை பாஸ்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு எண்கள் மட்டும் எழுதியிருந்தார். ஒன்று 7, இன்னொன்று 4. "ரூபாயில போட்டா ஏழுங்கிறாங்க, டாலர்ல போட்டா நாலுங்கிறாங்க. இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? ஆனா கூட வேலை பார்க்குற மலையாளத்து ஆளு டாலர்லதான் போடணும்னு அடிச்சுச் சொல்றான். ஏழு பெருசா, நாலு பெருசா?"

வெளிநாட்டில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பும் எல்லோர் முன்னாலும் நிற்கிற கேள்விதான் இது. பெரும்பாலும் இதற்குக் கிடைக்கிற பதில் இரண்டு வகை. "வட்டி எங்கே அதிகமோ அங்கே போடு" என்பது ஒன்று. "ரூபாய் எப்படியும் விழும், டாலரில் போடு" என்பது மற்றொன்று. இரண்டும் பாதிப் பதில்கள். வட்டி விகிதத்தையும் நாணய மாற்று விகிதத்தையும் சேர்த்துப் பார்க்காமல், அதிலும் அந்தப் பணம் கடைசியில் எந்த நாணயத்தில் செலவாகப் போகிறது என்று கேட்காமல், இந்தக் கணக்கை முடிக்க முடியாது.

முதலில் கணக்குகள் எவை என்று பார்த்துவிடுவோம். வெளிநாட்டு வருமானத்தை இந்திய வங்கியில் வைக்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. என்.ஆர்.இ. கணக்கு ரூபாய்க் கணக்கு. அனுப்பும் திர்ஹாமோ ரியாலோ வந்து சேரும் அன்றே ரூபாயாக மாறிவிடும். சேமிப்புக் கணக்காகவும் வைக்கலாம், ஃபிக்சட் டெபாசிட்டாகவும் போடலாம். மற்றது எஃப்.சி.என்.ஆர். டெபாசிட். இதில் பணம் வெளிநாட்டு நாணயமாகவே இருக்கும். டாலராகப் போட்டால் வட்டியும் டாலரில், முதிர்வும் டாலரில். இதில் சேமிப்புக் கணக்கு கிடையாது. குறைந்தது ஓர் ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு என்று கால டெபாசிட் மட்டும்தான். இரண்டிலுமே அசலையும் வட்டியையும் தடையில்லாமல் வெளிநாட்டுக்குத் திரும்ப எடுத்துப் போகலாம். வெளிநாட்டுவாசியாக இருக்கும்வரை இரண்டின் வட்டிக்கும் இந்தியாவில் வருமான வரி இல்லை. ஊரில் வரும் வீட்டு வாடகை, நில வருமானம் ஆகியவற்றுக்கென்று என்.ஆர்.ஓ. என்ற மூன்றாவது கணக்கு இருக்கிறது. அதன் வட்டிக்கு வரிப் பிடித்தம் உண்டு, வெளியே எடுத்துப் போக வரம்பும் உண்டு. அது நம் ஒப்பீட்டுக்குள் வராது. சம்பளப் பணத்தை மனைவி பேரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அனுப்பிவிட்டு, பிறகு இந்தச் சலுகைகளைக் கேட்டு வருகிறவர்களிடம் "இனிமேல் அனுப்புவதற்குத்தான் செய்ய முடியும்" என்று சொல்லி அனுப்பிய நாட்கள் நிறைய.

இனி அந்தச் சீட்டுக்கு வருவோம். கணக்குக்கு வசதியாக, 36,725 திர்ஹாம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திர்ஹாம் டாலரோடு 3.6725 என்ற விகிதத்தில் 1997-லிருந்து கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே இது சரியாகப் பத்தாயிரம் டாலர். டாலர் 90 ரூபாய், ரூபாய் டெபாசிட்டுக்குச் சீட்டில் இருந்த ஏழைவிடச் சற்றுக் குறைத்து 6.5 சதவீத வட்டி, டாலர் டெபாசிட்டுக்கு 4 சதவீத வட்டி, காலம் மூன்று ஆண்டு, வட்டி ஆண்டுக்கொருமுறை அசலோடு சேர்கிறது என்று கொள்வோம். வங்கிகள் உண்மையில் ரூபாய் டெபாசிட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் டாலர் டெபாசிட்டுக்கு 180 நாளுக்கு ஒருமுறையும் வட்டியைச் சேர்க்கும். அதனால் கடைசித் தொகை சற்று மாறும், போக்கு மாறாது.

ரூபாயில் போட்டால் 9,00,000 ரூபாய் மூன்று ஆண்டில் ஏறத்தாழ 10,87,000 ரூபாய் ஆகும். டாலரில் போட்டால் 10,000 டாலர் 11,249 டாலர் ஆகும். இந்த 10,87,000-ஐ 11,249-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 96 ரூபாய் 65 காசு வரும். மூன்று ஆண்டு கழித்து டாலர் சரியாக இந்த விலையில் நின்றால் இரண்டு டெபாசிட்டும் ஒன்றுதான். அதற்குக் கீழே நின்றால் ரூபாய் டெபாசிட் போட்டவர் கெட்டிக்காரர். மேலே போனால் டாலர் போட்டவர் கெட்டிக்காரர். டாலர் 90-லேயே நின்றுவிட்டால் ரூபாய்க்காரருக்கு 75,000 ரூபாய் கூடுதல். 100 ஆகிவிட்டால் டாலர்க்காரருக்கு 38,000 ரூபாய் கூடுதல். வங்கியில் உட்கார்ந்தவர்கள் இதைச் சமநிலை விலை என்போம். எந்த வட்டி விகிதம் சொன்னாலும் காகிதத்தில் இரண்டு வரியில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். கையில் பேனா இல்லையென்றால் இரண்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். ஆண்டுக்கு அந்த அளவு, இங்கே ஏறத்தாழ இரண்டரை சதவீதம், ரூபாய் விழுந்தால் கணக்கு சரியாகிவிடும்.

அந்த இரண்டரை சதவீதம் வானத்திலிருந்து விழுந்த லாபம் அல்ல. நீண்ட காலச் சராசரியில் நம் நாட்டில் விலைவாசி ஏறும் வேகம் அமெரிக்காவைவிட அதிகம், அதனால் வட்டியும் அதிகம். கூடுதல் வட்டி என்பது ரூபாய் தேய்வதற்கு முன்கூட்டியே தரப்படும் ஈடு. சந்தையில் டாலரை மூன்று ஆண்டு கழித்து வாங்க இன்றே விலை பேசினால், அந்த விலையும் ஏறத்தாழ இந்த வித்தியாசத்தைச் சுமந்துதான் இருக்கும். சில வங்கிகள் டாலர் டெபாசிட்டோடு இப்படி ஒரு முன்பேர ஒப்பந்தத்தையும் சேர்த்து, "நிச்சயமான ரூபாய் வருமானம்" என்று பெரிய வாடிக்கையாளர்களுக்கு விற்பதுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் ரூபாய் டெபாசிட்டின் வட்டிக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். வித்தியாசம் இருந்தால் அது யாரோ கொடுக்கிற கட்டணமாக இருக்கும்.

சரி, ரூபாய் எவ்வளவு வேகத்தில்தான் விழுகிறது? 2005 தொடக்கத்தில் டாலர் 44 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 2025 தொடக்கத்தில் 86 அளவில். சராசரி போட்டால் ஆண்டுக்கு மூன்றரை சதவீதத்தை ஒட்டி வரும். "பார்த்தீர்களா, டாலர்தான் சரி" என்று நண்பர்கள் சொல்வது இந்தச் சராசரியை வைத்துத்தான். ஆனால் நம் டெபாசிட் இருபது ஆண்டுக்குப் போடுவதில்லை, மூன்றுக்கும் ஐந்துக்கும்தான் போடுகிறோம். ரூபாய் ஆண்டுதோறும் அளந்து விழுவதும் இல்லை. பல ஆண்டு அசையாமல் கிடக்கும், பிறகு ஒரு சில மாதத்தில் சரியும். சில காலம் ஏறவும் செய்யும்.

அப்படி ஏறிய காலம் மறக்கக் கூடாத ஒன்று. 2003 தொடக்கத்தில் டாலர் 48 ரூபாய். அன்று பத்தாயிரம் டாலரை எஃப்.சி.என்.ஆரில் போட்டு, முதிர முதிரப் புதுப்பித்து வந்தவர் "எனக்கு மாற்று விகித ஆபத்தே இல்லை" என்று நினைத்திருப்பார். 2008 தொடக்கத்தில் அது கடைசியாக முதிர்ந்தபோது டாலர் 39 ரூபாய் சொச்சம். வட்டியை விட்டுவிடுங்கள், அசல் மட்டும் 4,80,000 ரூபாயிலிருந்து 3,94,000 ரூபாய் ஆகிவிட்டது. அந்த ஐந்து ஆண்டில் ஊரில் செங்கல் விலையும் மனை விலையும் எங்கே போயின என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் டாலரில் பார்த்தால் ஒரு காசு இழக்கவில்லை. வீடு கட்டப் போனபோதுதான் இழப்பு தெரிந்தது.

எதிர்ப் பக்கத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 2011 டிசம்பர் 16 வரை என்.ஆர்.இ. டெபாசிட் வட்டிக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருந்தது. அது லண்டன் சந்தை வட்டியோடு கட்டப்பட்டிருந்ததால், ஊரில் உள்ளவருக்கு ஒன்பது சதவீதம் கிடைத்த காலத்திலும் என்.ஆர்.இ. போட்டவருக்கு அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. அன்று அந்த வரம்பு நீக்கப்பட்டது. உள்நாட்டு டெபாசிட்டுக்குத் தருவதைவிட அதிகம் தரக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு வங்கிகளே தீர்மானிக்கலாம் என்றார்கள். ஒரே வாரத்தில் என்.ஆர்.இ. வட்டி ஒன்பதைத் தொட்டது. கிளைகளில் கூட்டம், வளைகுடாவிலிருந்து போன் மேல் போன். 2012 தொடக்கத்தில் டாலர் 53 ரூபாய் அளவில் இருந்தபோது ஒன்பது சதவீதத்துக்கு மூன்று ஆண்டு போட்டவருக்கு 5,30,000 ரூபாய் 6,86,000 ரூபாய் ஆனது. 2015 தொடக்கத்தில் டாலர் 63 ரூபாய். அந்தத் தொகையை டாலராக மாற்றினால் 10,890 டாலர் சொச்சம். டாலர் கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஒன்பது சதவீதம் மூன்று சதவீதத்துக்கும் சற்றுக் கீழே சுருங்கிவிட்டது. மகனைக் கனடாவில் படிக்க வைக்க நினைத்து அந்த டெபாசிட்டைப் போட்டிருந்தால் ஏமாற்றம்தான். பரமக்குடியில் வீடு கட்டப் போட்டிருந்தால் ஒன்பது சதவீதம் ஒன்பது சதவீதமாகவே கைக்கு வந்தது.

இந்த இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் தெரிகிற ஒன்றை வங்கியின் விளம்பரத் தாள் சொல்வதில்லை. ஆபத்து கணக்கின் பெயரில் இல்லை. சேமிக்கும் நாணயமும் செலவாகப் போகும் நாணயமும் வேறாக இருக்கும் இடத்தில்தான் ஆபத்து. ஊரில் செலவழிக்கிறவருக்கு எஃப்.சி.என்.ஆர். என்பது ரூபாய் விழும் என்ற பந்தயம். வெளிநாட்டில் செலவழிக்கிறவருக்கு என்.ஆர்.இ. என்பது ரூபாய் நிற்கும் என்ற பந்தயம். நம் ஆட்களில் பெரும்பாலோர் கடைசியில் ஊருக்குத் திரும்புகிறவர்கள், ரூபாயில் வீடு கட்டுகிறவர்கள், ரூபாயில் கல்யாணம் செய்து வைக்கிறவர்கள். எனவே அவர்களுக்கு ரூபாய் டெபாசிட்தான் இயல்பான இருப்பிடம், டாலர் டெபாசிட் அளவாக வைக்க வேண்டிய ஒன்று என்பது என் தீர்ப்பு. நண்பர்கள் சிலர் இதை ஏற்க மாட்டார்கள்.

எஃப்.சி.என்.ஆரிலும் எந்த நாணயம் என்பது தனிக் கேள்வி. வளைகுடாவில் இருப்பவருக்குப் பெரிய குழப்பம் இல்லை. திர்ஹாமும், 3.75-ல் கட்டப்பட்ட சவூதி ரியாலும், 3.64-ல் கட்டப்பட்ட கத்தார் ரியாலும் டாலரின் பிள்ளைகள். டாலராக மாற்றும்போது எக்ஸ்சேஞ்ச் கடைக்காரர் எடுக்கிற சில காசுதான் நஷ்டம். குவைத் தினார் மட்டும் 2007-லிருந்து பல நாணயங்களின் கூடையைப் பார்த்து நகர்கிறது, என்றாலும் டாலரை விட்டு அதிக தூரம் ஓடுவதில்லை. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் விஷயம் வேறு. சிங்கப்பூர் டாலரில் டெபாசிட் எல்லா வங்கியும் எடுப்பதில்லை. அமெரிக்க டாலராக மாற்றிப் போட்டால், ரூபாய்க்கும் டாலருக்கும் நடுவில் உள்ள ஆட்டத்தோடு சிங்கப்பூர் டாலருக்கும் அமெரிக்க டாலருக்கும் நடுவில் உள்ள ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். வட்டி அரை சதவீதம் கூட என்பதற்காக வளைகுடாச் சம்பளத்தைப் பவுண்டாகவோ ஆஸ்திரேலிய டாலராகவோ மாற்றிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கும்போதும் விற்கும்போதும் மாற்றுக் கட்டணம் போனால் அந்த அரை சதவீதம் காணாமல் போய்விடும், நாணய ஆட்டம் மட்டும் கையில் மிஞ்சும்.

வட்டி விகிதம் தனியாக ஒரு ஆபத்து. டெபாசிட் போட்ட நாளின் வட்டிதான் கடைசிவரை. எஃப்.சி.என்.ஆர். வட்டி அமெரிக்கச் சந்தையைப் பார்த்து நகரும். ரிசர்வ் வங்கி அந்தச் சந்தை விகிதத்துக்கு மேல் இத்தனை என்று வரம்பு போடும், டாலர் தேவை நெருக்கும்போது அந்த வரம்பைத் தளர்த்தும். 2022 ஜூலையிலிருந்து அக்டோபர் வரை சில மாதம் வரம்பே இல்லாமல் இருந்தது. 2021-ல் ஓர் ஆண்டு டாலர் டெபாசிட்டுக்கு ஒரு சதவீதம்கூடக் கிடைக்காத நிலை. 2023-ல் அதே டெபாசிட்டுக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல். 2021-ல் ஐந்து ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டவர் இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்து வயிறெரிந்திருப்பார். முன்னதாக முடித்துவிட்டுப் புதிதாகப் போடலாமே என்றால், அங்கே அபராதம் இருக்கிறது. டாலர் டெபாசிட்டை வங்கி ரூபாயாக மாற்றிக் கடன் கொடுத்திருந்தால், அதற்காகச் செய்துகொண்ட மாற்று ஒப்பந்தத்தை முறிக்கிற செலவையும் உங்களிடம் வசூலிக்கலாம்.

அந்த மாற்று ஒப்பந்தம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நீங்கள் டாலரில் போடுகிறீர்கள், டாலரில் திரும்பக் கேட்பீர்கள். நடுவில் ரூபாய் விழுந்தால் யார் கையைக் கடிக்கும்? 1975-ல் தொடங்கிய பழைய எஃப்.சி.என்.ஆர். திட்டத்தில் அந்தப் பாரத்தை ரிசர்வ் வங்கியே சுமந்தது. வங்கிகளுக்குக் கவலை இல்லை, டெபாசிட்காரருக்கும் இல்லை. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. வேலை இழந்து ஓடி வந்தவர்களும், இந்தியாவின் கையிருப்பைப் பற்றிப் பயந்த வெளிநாட்டு இந்தியர்களும் டெபாசிட்டுகளை எடுக்கத் தொடங்கினார்கள். 1991 ஜூலை முதல் மூன்று நாளுக்குள் ரூபாய் இரண்டு படியாக மதிப்புக் குறைக்கப்பட்டு, டாலர் 21 ரூபாயிலிருந்து 26-ஐ நெருங்கியது. பழைய டாலர் டெபாசிட்டுகளின் இழப்பு ரிசர்வ் வங்கியின் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் 1993 மே மாதம் இன்று நாம் பார்க்கிற எஃப்.சி.என்.ஆர். (பி) வந்தது. இதில் மாற்று விகித ஆபத்து வங்கிக்கு. பழைய திட்டம் 1994 ஆகஸ்டில் மூடப்பட்டது.

அந்தப் பாரம் இன்னொரு முறை கைமாறியது. 2013 ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68 ரூபாய் 80 காசைத் தாண்டியது. அடுத்த வாரம் பொறுப்பேற்ற ஆளுநர் ரகுராம் ராஜன், குறைந்தது மூன்று ஆண்டு எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் திரட்டும் வங்கிகளுக்கு, மாற்று விகிதப் பாதுகாப்பை ஆண்டுக்கு 3.5 சதவீதம் என்ற நிலையான செலவில் ரிசர்வ் வங்கி தரும் என்றார். சந்தையில் அதற்கு இரு மடங்கு அளவில் செலவாகும். நவம்பர் முடிவதற்குள் 2,600 கோடி டாலர் வந்து குவிந்தது. மெக்கானிக்குகளும் டிரைவர்களும் போட்ட பணம் அதில் சொற்பம். பெரும் பணக்காரர்கள் வெளிநாட்டு வங்கியில் மலிவாகக் கடன் வாங்கி, தங்கள் பணத்தைப்போலப் பல மடங்கு டெபாசிட் செய்தார்கள். எங்கள் கிளையிலிருந்து மேலிடத்துக்குக் காட்ட முடிந்த தொகை இன்று சொன்னால் சிரிப்பீர்கள். கடன் வாங்கிப் போடுகிற வசதி நம் வாடிக்கையாளர் யாருக்கும் இல்லை.

சாதாரணத் தொழிலாளிக்கு இதைவிட நெருக்கமான ஆபத்துகள் இரண்டு உண்டு. ஒன்று, ஓர் ஆண்டு விதி. என்.ஆர்.இ. ஃபிக்சட் டெபாசிட்டோ எஃப்.சி.என்.ஆரோ, ஓர் ஆண்டு முடிவதற்குள் உடைத்தால் ஒரு பைசா வட்டி கிடையாது. 364-வது நாளில் உடைத்தாலும் அப்படித்தான். கம்பெனி மூடிவிட்டது, விசா முடிந்தது, அப்பாவுக்கு ஆபரேஷன் என்று வருகிறவரிடம் இதைச் சொல்வது வேதனையான வேலை. அவசரத்துக்குத் தேவைப்படக்கூடிய பணத்தை என்.ஆர்.இ. சேமிப்புக் கணக்கிலேயே விட்டு வைப்பதும், மீதியை ஒரே டெபாசிட்டாகப் போடாமல் மூன்று நாலாகப் பிரித்துப் போடுவதும் இதற்குத்தான். பிரித்துப் போட்டால் ஒன்றை உடைத்தால் போதும். வட்டி கூடினாலும் குறைந்தாலும் ஏதாவது ஒன்று விரைவில் முதிர்ந்து புது விகிதத்துக்கு மாறும்.

மற்றது ஊர் திரும்பும் நாள். நிரந்தரமாக வந்துவிட்டால் என்.ஆர்.இ. கணக்கை உள்ளூர்வாசிக் கணக்காக மாற்றிவிட வேண்டும், அன்றிலிருந்து வட்டிக்கு வரிச் சலுகை இல்லை. எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டை முதிர்வு வரை அதே வட்டியில் அப்படியே விடலாம். முதிர்ந்ததும் ரூபாயாகவோ, திரும்பி வந்தவர்களுக்கான ஆர்.எஃப்.சி. என்ற வெளிநாட்டு நாணயக் கணக்குக்கோ மாற்றலாம். வரிச் சட்டம் திரும்பி வந்தவரைச் சில ஆண்டுகள் "சாதாரணக் குடியிருப்பாளர் அல்லாதவர்" என்ற நடு நிலையில் வைக்கிறது. அந்த நிலை நீடிக்கும்வரை எஃப்.சி.என்.ஆர். வட்டிக்கு வரி விலக்கு தொடரும். டாலர் டெபாசிட்டின் தெளிவான ஒரே அனுகூலம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். வட்டி சில பத்தாயிரங்கள்தான் என்றால் இந்த வித்தியாசமும் பெரிதாகத் தெரியாது. வங்கியே கவிழ்ந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: டெபாசிட் காப்பீடு இரண்டு வகைக்கும் உண்டு. ஆனால் ஒரு வங்கியில் ஒருவருக்கு எல்லாம் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாய் வரைதான்.

ஏசி மெக்கானிக்கிடம் அன்று நான் பதில் சொல்லவில்லை, திருப்பிக் கேட்டேன்: "இந்தப் பணத்தை எதுக்கு வச்சிருக்கீங்க?" அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். முக்கால்வாசி வீட்டுக்கு, அஸ்திவாரம் போட்டு நிற்கிறது என்றார். மீதி தம்பிக்கு, அவன் கனடாவுக்குப் படிக்கப் போக விண்ணப்பம் போட்டிருக்கிறான், ஒன்றரை ஆண்டில் பீஸ் கட்ட வேண்டும் என்றார். முக்கால் பங்கை இரண்டு என்.ஆர்.இ. டெபாசிட்டாகப் பிரித்தோம். கால் பங்கை ஓர் ஆண்டு எஃப்.சி.என்.ஆரில், டாலரில் போட்டார். சீட்டைப் பழையபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தம்பிக்குப் போன் போட்டபடியே வெளியே போனார்.

நீங்களும் புதுப்பிக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு வட்டி விகிதத்தையும் அன்றைய டாலர் விலையையும் கேட்டு வாங்கி, சமநிலை விலையை ஒரு தாளில் கணக்குப் போட்டுவிடுங்கள். முதிர்வு நாளை வேலை ஒப்பந்தம் முடியும் நாளோடு ஒப்பிட்டும் பாருங்கள். படிவத்தில் எதுவும் சொல்லாமல் விட்டால் பெரும்பாலான வங்கிகள் அன்றைய வட்டிக்கு, அதே காலத்துக்குத் தானாகவே புதுப்பித்துவிடும்.